777 – பொருந்தாது

சனிக்கிழமைக்குள் குறியீட்டுப் புத்தகத்தை முடித்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை கணிப்பொறியில் ஏற்ற ஆட்கள் வருகிறார்கள். அந்தப் புத்தகம் இல்லாமல் அவர்கள் எதையும் ஏற்ற முடியாது.

ஃபாயிசா காலையிலேயே வந்து ஜன்னலைத் திறந்தாள். கூனிமேட்டில் உரக்கடை மாடியில் ஒரே அறை. சுவரோரம் நிரப்பிய வினாத்தாள்கள், ஊர்வாரியாகக் கயிறு போட்டுக் கட்டியவை. மரக்காணம் கரையில் சுனாமியால் யார் எத்தனை நாள் வேலை இழந்தார்கள் என்பதை அவை சொல்ல வேண்டும். எந்தத் தொழிலுக்கு எவ்வளவு இழப்பு என்று ஓர் அட்டவணை போகும். அதைப் பார்த்துத்தான் நிவாரண வேலையைப் பிரிப்பார்கள்.

அவள் கணிப்பொறித் திரையில் கேள்விகளை வரிகளாக மாற்றிக்கொண்டிருந்தாள். கேள்விக்கு ஒரு வரி. முதலில் ஒரு பெயர். ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், எட்டு எழுத்துக்குள். பிறகு விளக்கம். பிறகு பதில்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கடைசியில், பதில் இல்லாத இடத்தில் போட வேண்டிய எண்கள்.

பதினாறாம் கேள்வி: சுனாமியிலிருந்து இன்றுவரை எத்தனை நாள் வேலை இழந்தீர்கள்?

NAALPOCH என்று பெயர் வைத்தாள். நாள் போச்சு. சரியாக எட்டு எழுத்து. பூஜ்யத்திலிருந்து நூற்றெண்பது வரை உண்மையான பதில். அதனால் 99 போட முடியாது. தொண்ணூற்றொன்பது நாள் வேலை இழந்தவர் இருக்கலாம். மூன்று இலக்கம் வேண்டும். 999 பதில் சொல்லவில்லை. 888 தெரியாது. 777 பொருந்தாது.

வரி முடிந்தது. புத்தகம் சரியாக வருகிறதா என்று பார்க்க, ஒவ்வோர் ஊர்க் கட்டிலிருந்தும் சில தாள்களை உருவிப் பென்சிலால் எண் போட்டாள். மீனவர் குப்பங்கள் ஒழுங்காக வந்தன. 60. 95. 110. உப்பளத்து ஊரின் கட்டைப் பிரித்தாள்.

777. 777. 777. ஒருவருக்கு 12. மறுபடியும் 777.

கட்டின் மேல்தாளில் கணக்கெடுத்தவர் பெயர் இருந்தது. மேரிசெல்வி.

மேரிசெல்வி பதினோரு மணிக்கு வந்தாள். அந்த உப்பளத்து ஊர்க்காரி. இந்தக் கணக்கெடுப்புக்காகச் சேர்ந்தவள். குடையை மடக்கி மூலையில் சாய்த்தாள்.

"மேரிக்கா, பதினாறாவது கேள்விய அளத்துக்காரங்ககிட்ட நீங்க கேக்கவே இல்லையா?"

"எது?"

"எத்தனை நாள் வேலை போச்சுன்னு."

"எப்பிடிக் கேப்பேன்? பதினாலுலயே அம்பு போட்டு அனுப்பிட்டீங்களே."

ஃபாயிசா தாளைத் திருப்பினாள். பதினான்காம் கேள்வி: சுனாமிக்கு முந்தைய வாரம் வேலைக்குப் போனீர்களா? ஆம், 1. இல்லை, 2. இல்லை என்பதற்குப் பக்கத்தில் ஓர் அம்பு. பதினெட்டுக்குப் போகவும்.

"மார்கழி மாசம்," என்றாள் மேரிசெல்வி. "அடிச்ச மழையில அளமே ஏரி மாதிரி கெடந்துது. போன வாரம் வேலைக்குப் போனியான்னு கேட்டா இன்னா சொல்லும் அந்தப் பொம்பளைங்க? இல்லன்னுதான் சொல்லும். ஒண்ணு ரெண்டு நாத்து நடப் போச்சு. அதுங்க மட்டும் ஆமான்னுது."

"அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"டிரெய்னிங் எடுத்தது யாரு? அம்பு போட்ட எடத்துல வாயத் தொறக்காதீங்கன்னு யாரு சொன்னது?"

ஃபாயிசாதான் சொன்னாள். மூன்று தடவை சொன்னாள்.

"இந்த வருஷம் அளத்துல என்ன ஆச்சுக்கா?"

"கடல் உள்ள வந்து பாத்தி பூரா சேறு. வரப்பு ஒண்ணு கூட நிக்கல. தை மாசம் எறங்க வேண்டியது. சேறு வாரி முடிக்கவே எத்தினியோ நாள் ஆச்சு." மேரிசெல்வி நிறுத்தினாள். "எங்க தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிவெச்சிருக்கேம்மா. பதில் சொல்லுங்க, கணக்குல வரும்னு. வருமா, வராதா?"

ஃபாயிசா திரையைப் பார்த்தாள். 777 பொருந்தாது. இப்படியே விட்டால் அட்டவணையில் அளத்து வேலை என்ற வரியில் நாற்று நடப் போன இரண்டு மூன்று பேரின் நாள் மட்டும் நிற்கும். பன்னிரண்டு நாள். படிப்பவர், அளத்துக்கு நஷ்டமே இல்லை என்று அடுத்த வரிக்குப் போய்விடுவார்.

"இப்பிடியே போனா வராதுக்கா," என்றாள்.

கௌதமன் மத்தியானம் புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் வந்தார். வினாத்தாளை எழுதியவர் அவர். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே திரைக்குக் குனிந்தார்.

"நாள்போச்சா?" சிரித்துவிட்டார். "ஏம்மா, ரிப்போர்ட்ட மெட்ராஸ்ல படிப்பாங்க."

"விளக்கம் ஒழுங்கா எழுதியிருக்கேன் சார். பேரு நமக்குத்தான்."

"இருக்கட்டும், இருக்கட்டும். முடிஞ்சுதா?"

"இந்த ஒரு வரி முடியல. 777க்கு என்ன அர்த்தம்னு எழுத முடியல."

"பொருந்தாது. அவ்ளோதானே?"

"யாருக்குப் பொருந்தாது சார்?"

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவள் இரண்டு தாள்களை அவர் முன் வைத்தாள். ஒன்று எண்பது வயதுக் கிழவர். வேலைக்குப் போய்ப் பல வருஷம். மற்றொன்று வேலம்மாள், நாற்பத்திரண்டு வயது, அளத்து வேலை. இரண்டிலும் பென்சிலால் 777.

"இவருக்குப் பொருந்தாதுதான். இந்தம்மாவுக்குப் பொருந்தும். நாமதான் கேக்கல. ரெண்டும் ஒரே நம்பர்ல போவுது."

கௌதமன் பதினான்காம் கேள்வியைப் படித்தார். அம்பைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே யாரோ மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது.

"ஒரு வாரம்னு வெச்சுக் கேக்கறதுதான் வழக்கம்," என்றார். "எல்லாக் கணக்கெடுப்புலயும் அதான். இத நான் பாண்டிச்சேரில உக்காந்து எழுதினேன். எந்த மாசத்து வாரம்னு யோசிக்கல."

"உப்பு வாங்கறப்போ யோசிச்சிருக்கலாம் சார்," என்றாள் மேரிசெல்வி. "மழைக்காலத்துல வெல ஏறிடும்ல."

"நல்லாக் குத்துங்க." அவர் மறுபடியும் கழுத்தைத் துடைத்தார். "இப்ப என்ன பண்ணணும்ங்கறே? வினாத்தாள மாத்த முடியாது. பூரா முடிஞ்சாச்சு."

"தாள மாத்த வேணாம். குறியீட்ட மாத்தலாம். 776 கேட்கப்படவில்லைன்னு தனியா ஒண்ணு போடுவோம். ஒம்பதாம் கேள்வில அளத்து வேலைன்னு சொல்லி, பதினாலுல இல்லைன்னு சொன்னவங்களுக்கு மட்டும். மத்தவங்களுக்கு 777."

"விடுபட்ட பதிலுக்கு மூணு எண்ணுக்கு மேல வாங்காதேம்மா அந்த சாஃப்ட்வேர்."

"தனித்தனியா குடுத்தாதான் மூணு. வீச்சா குடுக்கலாம். 776லேர்ந்து 999 வரைக்கும். உண்மையான பதில் நூத்தெண்பதத் தாண்டாது. நடுவுல ஒண்ணும் மாட்டாது."

அவர் தலையை ஆட்டினார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"அது சரி. சராசரியில இவங்க அப்பவும் வரமாட்டாங்க. விடுபட்டது விடுபட்டதுதான்."

"வரமாட்டாங்க. ஆனா எத்தனை பேர விட்டுட்டோம்னு அட்டவணைக்குக் கீழ தெரியும்."

"எத்தனை பேரு?"

அவளுக்குத் தெரியாது. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். அளத்து ஊர்க் கட்டுகளைப் பிரித்தார்கள். கௌதமன் ஒன்பதாம் கேள்வியைப் படித்தார், மேரிசெல்வி பதினான்கைப் படித்தாள், ஃபாயிசா கோடு போட்டாள். நடுவில் கரண்ட் போனது. மின்விசிறி நின்றதும் மேரிசெல்வி ஒரு காலிக் கோப்பால் மூவருக்கும் விசிறினாள்.

முடிந்தபோது ஃபாயிசா கோடுகளை எண்ணி, தாளை அவரிடம் தள்ளினாள். மொத்தக் கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு.

கௌதமன் தானும் ஒரு முறை எண்ணிப் பார்த்தார்.

"இத 776ன்னு அனுப்பினா என்னைத்தான் கேப்பாங்க," என்றார். "ஏன் கேக்கலன்னு." பிறகு மேரிசெல்வியைப் பார்த்தார். "திரும்பிப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டா பதில் சொல்லுவாங்களா?"

"திட்டிட்டு சொல்லுவாங்க."

"எத்தனை நாள் ஆவும்?"

"நானும் இதுவும் சேந்து போனா," என்று ஃபாயிசாவைக் காட்டினாள், "மூணு நாளு. இப்ப சீசன். எல்லாம் அளத்துலதான் நிக்குதுங்க. வீடு வீடாத் தேட வேணாம்."

"டைப் பண்றவங்க திங்கக்கெழம மீனவர் கட்ட எடுக்கட்டும். அளத்துக் கட்டு வியாழக்கெழம. அதுக்கு மேல ஒரு நாள் கூடக் கேக்காதீங்க." அவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "புது வரி ஒண்ணு சேத்துக்கோ ஃபாயிசா. எத்தனை நாள் தள்ளிப்போச்சுன்னு."

திங்கட்கிழமை காலை அளத்தில் வெயில் ஏற்கெனவே தரையிலிருந்து அடித்தது. ஃபாயிசா துப்பட்டாவை முகத்துக்கு இறக்கிக்கொண்டு வரப்பில் மேரிசெல்விக்குப் பின்னால் நடந்தாள். பாத்தியில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இன்னா மேரி, மறுபடியும் பேப்பரா?"

"ஒரே கேள்விக்கா. அதோட வுட்டுடறோம்."

வேலம்மாள் உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு நின்றாள். கணுக்கால் வரை வெள்ளை.

"இந்த வருஷம் அளத்துல வேலை ஆரம்பிக்கறது எத்தனை நாள் தள்ளிப்போச்சும்மா?" என்று கேட்டாள் ஃபாயிசா.

"நாளா? நாளெல்லாம் யாரு எண்ணுனா?"

ஃபாயிசாவின் பேனா 888 மேல் நின்றது. தெரியாது. வேலம்மாள் அதைக் கவனிக்கவில்லை. பக்கத்துப் பாத்திக்குக் குரல் கொடுத்தாள்.

"ஏ திரௌபதி, நாம எப்ப எறங்குனோம் இந்த வருஷம்?"

"பங்குனி உத்தரம் கழிச்சுதான். உத்தரத்துக்குப் புதுப்பட்டு கோயிலுக்குப் போனோமே, அப்ப இன்னும் சேறு வாரிட்டிருந்தாங்க."

"ஆமா. எப்பவும் தைப்பூசத்துக்கு முன்னாடி எறங்கிடுவோம்." வேலம்மாள் திரும்பினாள். "அதான் எங்களுக்குத் தெரிஞ்சது. நாளு நீ போட்டுக்கோ."

"நான் போடக் கூடாதும்மா."

"பின்ன யாரு போடுவா?"

மேரிசெல்வி சிரித்தாள். ஃபாயிசா பேனாவை எடுத்துவிட்டாள். இந்தக் கேள்வியை அடுத்த ஆளிடமும் இப்படிக் கேட்டால் மறுபடியும் 888 வரும். எப்போது இறங்கினோம் என்று இவர்களுக்குத் தெரியும். எண்ணிக்கையாகத் தெரியாது.

வரப்பில் குந்தி உட்கார்ந்தாள். மடியில் எழுதும் அட்டை. புது வரியைக் கோடு போட்டு அடித்தாள். அந்த இடத்தில் இரண்டு வரி எழுதினாள்.

ALAMEPPO. வழக்கமாக அளத்தில் இறங்கும் காலம்.

ALAMIPPO. இந்த வருஷம் இறங்கிய காலம்.

இரண்டுக்கும் ஒரே பதில்கள். தை முதல் பாதி, 1. தை பின் பாதி, 2. மாசி முதல் பாதி, 3. மாசி பின் பாதி, 4. அப்படியே சித்திரை பின் பாதி வரை, 8. இந்த வருஷம் இறங்கவே இல்லை என்பதற்கு 9. அது விடுபட்டது அல்ல, அதுவும் ஒரு பதில். ஆகவே பொருந்தாது, தெரியாது, பதில் சொல்லவில்லை மூன்றும் இரண்டு இலக்கத்துக்குப் போயின: 77, 88, 99. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் எத்தனை அரை மாசம் என்று வந்துவிடும். 9 வந்த தாள்களைத் தனியாக எண்ண வேண்டும். கௌதமனுக்கு மாலையில் போன் செய்ய வேண்டும்.

"தைப்பூசத்துக்கு முன்னன்னா, தை முதல் பாதியாம்மா, பின் பாதியா?"

"பொங்கல் முடிஞ்சு ஒடனே. முதல் பாதிதான்."

1 என்று எழுதினாள்.

"இந்த வருஷம்? உத்தரம் கழிச்சுன்னா, பங்குனிக்குள்ளயா, சித்திரை பொறந்தா?"

"பங்குனிக் கடைசி," என்றாள் வேலம்மாள்.

"இல்லடீ, வருஷப் பொறப்பு கழிச்சு!" என்றாள் திரௌபதி பாத்தியிலிருந்து.

"உன்னது கழிச்சு. எங்க பக்கம் முன்னாடியே சேறு எடுத்துட்டாங்க. என் பதில நான் சொல்றேன், நீ உன் பதில சொல்லு."

ஃபாயிசா 6 என்று எழுதினாள். மேரிசெல்வி அதற்குள் திரௌபதியின் தாளைத் தேடி எடுத்துக்கொண்டு பாத்திப் பக்கம் இறங்கிவிட்டாள்.