மூன்றாவது பாக்கெட்

எங்கள் கம்பெனியில் கணக்கும் நான்தான், கடிதமும் நான்தான், ஆய்வுக்கு யாராவது வந்தால் முன்னால் போய் நிற்பதும் நான்தான். பெயர் சத்தியப்பிரியா. காரைக்குடியில் குழம்புத்தூள், ரசப்பொடி, மிளகாய்த்தூள் அரைத்து பாக்கெட் போடும் சின்ன ஆலை. பதினோரு பேர் வேலை செய்கிறோம். அதனால் புதிதாகச் சரக்கு வாங்க வருகிறவர்களுக்கு அனுப்ப ஒரு அறிமுக வீடியோ வேண்டும் என்று முதலாளி ராமநாதன் சொன்னபோது, அதை எழுதுகிற வேலையும் என் தலையில்தான் விழுந்தது.

முதலில் மதுரையில் ஒருவரிடம் எழுதக் கொடுத்தோம். "உலகத்தரம்", "பாரம்பரிய மணம்", "நம்பிக்கையின் மறுபெயர்" என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினார். எங்கள் பெயரை எடுத்துவிட்டு ஒரு செருப்புக் கடையின் பெயரைப் போட்டாலும் பொருந்தும். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நானே உட்கார்ந்து தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடது பக்கம் படம், வலது பக்கம் குரல் என்று எழுதினேன். எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். குரலில் என்ன சொன்னாலும் அதே நேரத்தில் படத்தில் அது தெரிய வேண்டும். காட்ட முடியாததைச் சொல்லக் கூடாது. இரண்டரை நிமிடத்துக்கு அதற்குமேல் இடமும் இல்லை.

மொத்த வீடியோவிலும் முக்கியமான இடம், ஒரு நிமிடம் பத்து வினாடியில், அதாவது ஒன்று பத்தில் வரும் மெட்டல் டிடெக்டர். ஒட்டி முடித்த ஒவ்வொரு பாக்கெட்டும் பெல்ட்டில் அதன் வழியாகப் போக வேண்டும். உள்ளே இரும்புத் துணுக்கு இருந்தால் மணி அடித்து, சிவப்பு விளக்கு எரிந்து, பெல்ட் நின்றுவிடும். இதைச் சோதிப்பதற்கென்று சின்ன இரும்புக் குண்டு பதித்த பிளாஸ்டிக் அட்டை உண்டு. மணிக்கொரு தடவை லைனைப் பார்த்துக்கொள்ளும் ராபியா அதை ஓட்டி, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவாள். ஆனால் அட்டை ஓடுவதைப் பார்த்தால் வாங்குகிறவர்களுக்கு ஒன்றும் புரியாது. அதனால் இடது பக்கத்தில் இப்படி எழுதினேன்: "சாதாரண பாக்கெட். உள்ளே ஒரு சின்ன நட்டு. வெளியே எந்த அடையாளமும் இல்லை. மற்ற பாக்கெட்டுகளோடு சேர்ந்து வருகிறது. இயந்திரம் அதை மட்டும் பிடிக்கிறது."

எழுதும்போது ரொம்பப் பெருமையாக இருந்தது. இப்போது அந்தத் தாளைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

படம் எடுக்க வந்தவன் இனாமுல் ஹசன். கல்யாண வீடியோ எடுப்பதில் ஊரில் கெட்டிக்காரன். அன்று மதுரைக்கு நாற்பது பெட்டி குழம்புத்தூள் போக வேண்டியிருந்தது. புதுக் கணக்கு, முதல் சரக்கு. பெத்தாச்சி என்று ஒரு ஆச்சி அங்கே விடுதிகளுக்கும் சமையல்காரர்களுக்கும் மளிகை கொடுக்கிறார். வேலை நடக்கும்போதே எடுத்தால்தான் உண்மையாக இருக்கும் என்று, லைனை நிறுத்தாமல் எடுக்கச் சொன்னதும் நான்தான்.

பத்து நாற்பதுக்கு ராபியா மூன்று பாக்கெட்டில் நட்டைப் போட்டு ஒட்டினாள். ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடலாமா என்று கேட்டாள். ஸ்டிக்கர் கேமராவில் தெரியும் என்றான் இனாமுல். மூன்றுதானே, எண்ணிக்கொள்ளலாம் என்றேன் நான். முதல் பாக்கெட்டுக்கு விளக்கு அழகாக எரிந்தது. இரண்டாவதற்கும் எரிந்தது. இரண்டையும் ராபியா ஒதுக்குக் கூடையில் போட்டுப் பூட்டினாள். அடுத்து நான் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று பேசுகிற இடம். கேமரா ஸ்டாண்டின் இரும்புக்கே மணி விட்டுவிட்டு அடிக்கும், பேச்சு கெட்டுப்போகும் என்று டிடெக்டரை அணைக்கச் சொன்னேன். பெல்ட் மட்டும் ஓடியது. "இரும்புத் துணுக்கு ஒன்றுகூடத் தாண்டாது" என்று நான் பேசி முடிக்க மூன்று நிமிடம் ஆயிற்று. பிறகு இயந்திரத்தைப் போட்டோம். பன்னிரண்டரைக்கு வண்டி கிளம்பியது.

நாலு மணிக்கு, எடுத்ததையெல்லாம் இனாமுல் லேப்டாப்பில் போட்டுக் காட்டினான். எந்தத் துண்டு எந்த வரிக்கு என்று தாளில் குறித்துக்கொண்டிருந்தேன். நான் பேசுகிற துண்டு வந்தது. முகத்தில் பவுடர் திட்டுத்திட்டாக இருக்கிறதே என்றுதான் முதலில் பார்த்தேன். பிறகு படத்தில் எனக்குப் பின்னால் பார்த்தேன். ஒரு டப்பாவில் தனியாக எடுத்து வைத்திருந்த மூன்றாவது பாக்கெட்டை, அந்தத் துண்டுக்கும் வேண்டுமாக்கும் என்று நினைத்து ராபியா பெல்ட்டில் வைக்கிறாள். அது அணைந்து கிடக்கும் இயந்திரத்துக்குள் நுழைகிறது. மறுபக்கம் வெளியே வருகிறது. பெட்டி அடுக்குகிற கை ஒன்று அதை எடுத்து அடுக்குகிறது. முன்னால் நான் சிரித்தபடி பேசிக்கொண்டிருக்கிறேன்.

"அக்கா, கூடையில எத்தன இருக்கு?" என்றான் இனாமுல்.

ஓடிப்போய்ப் பார்த்தோம். இரண்டுதான் இருந்தது. ராபியா கூடையைக் கவிழ்த்துப் போட்டு மறுபடி எண்ணினாள். எத்தனை தடவை எண்ணினாலும் இரண்டு மூன்றாகுமா. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கேட்டபடி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

முதலாளி அறைக்குப் போய், வாசலிலேயே நின்று சொன்னேன். ராமநாதன் அண்ணன் கோபக்காரர் இல்லை. அன்று கத்தியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது. நேராக டிரைவர் சின்னக்கருப்பனுக்குப் போன் போட்டார். வண்டி திருப்பத்தூர், மேலூர் எல்லாம் தாண்டி, மூன்று மணிக்கே சரக்கை இறக்கியாயிற்று என்று பதில் வந்தது.

"ஏதாவது காரணம் சொல்லித் திருப்பி எடுத்துக்கலாமா? எடையில வித்தியாசம்னு சொல்வோம்" என்றார் அண்ணன். வீட்டை அடகு வைத்து வாங்கிய இயந்திரங்கள் அவை. மதுரைக் கணக்கு போனால் அடுத்த கணக்கும் வராது. அது எனக்கும் தெரியும்.

"எடைன்னு சொன்னா ஆச்சி அவசரப்பட மாட்டாகண்ணே. அதுக்குள்ள எவனாவது பாக்கெட்டப் பிரிச்சிருவான்" என்றேன். அவர் பதில் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. என் போனிலிருந்தே போட்டுவிட்டேன்.

பெத்தாச்சி எடுத்ததும் ஒரே மூச்சில் சொன்னேன். நட்டு போட்ட பாக்கெட் ஒன்று உங்கள் சரக்கில் வந்துவிட்டது, அது எங்கள் தப்பு என்றேன். அண்ணன் அதோடு போதும் என்பது போலக் கையைக் காட்டினார். நான் நிறுத்தவில்லை. வீடியோ எடுப்பதற்காக இயந்திரத்தை மூன்று நிமிடம் அணைத்து வைத்திருந்தோம், அந்த மூன்று நிமிடத்தில் போன பாக்கெட் எதுவும் சோதிக்கப்படாதது என்பதையும் சொன்னேன்.

"எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று மட்டும் கேட்டார் ஆச்சி.

ஒட்டும்போதே பாக்கெட்டின் பின்னால் நேரம் அச்சாகும், பத்து நாற்பது என்று இருப்பதைத் தனியே எடுக்க வேண்டும், அந்த ஒரு நிமிடத்தில் ஒட்டியவை பத்துப் பன்னிரண்டு இருக்கும், கையால் அழுத்தினால் நட்டு தட்டுப்படும் என்றேன். மற்றதை எதுவும் விற்க வேண்டாம், நாங்களே வந்து எடுத்துப் போய் மறுபடி ஓட்டுகிறோம் என்றேன்.

"ரெண்டு பெட்டி போயிருச்சே. சின்னப்பிள்ளைக விடுதிக்கு. இன்னைக்கு ராத்திரிச் சாம்பாருக்கே போட்டுப் பாக்கச் சொன்னேன்." சொல்லிவிட்டுச் சட்டென்று போனை வைத்துவிட்டார்.

அந்த நாற்பது நிமிடத்தை எப்படிச் சொல்வது. என் மகள் அக்ஷராவுக்கு ஏழு வயது. பல் விழுந்து முளைக்கிற வயது. எங்கிருந்தோ அவள் நறுக்கென்று எதையோ கடிக்கிற சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. விடுதியில் நூற்றுப் பத்துப் பிள்ளைகள். ஒன்றின் தொண்டையில் சிக்கினால் போதும். இனாமுல் சுவரோடு ஒட்டி நின்று ஏதோ ஓதிக்கொண்டிருந்தான். ராபியா அழவும் இல்லை. நானும் அண்ணனும் மேசைமேல் கிடந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு தடவை அது அதிர்ந்தது. ஏதோ கடன் வேண்டுமா என்று கேட்கிற அழைப்பு. அண்ணன் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்தார்.

ஐந்து மணி தாண்டி ஆச்சி அழைத்தார். சமையல்காரர் ஏற்கெனவே ஆறு பாக்கெட்டைப் பிரித்துச் சாம்பாரில் கொட்டியிருந்தாராம். காலிக் கவர்களில் இரண்டில் பத்து நாற்பது என்றிருந்ததாம். சாம்பாரைக் கரண்டி கரண்டியாக வடிகட்டிப் பார்த்தார்களாம். ஒன்றும் இல்லை. பிறகு பெட்டியில் மிச்சமிருந்ததை ஒவ்வொன்றாக அழுத்தியபோது ஒன்றில் தட்டுப்பட்டது. பிரித்துப் பார்த்தால் நட்டு.

"இருந்தாலும் அந்தச் சாம்பாரக் கீழ ஊத்தச் சொல்லிட்டேன். சோதிக்காத பாக்கெட்டும் கலந்திருக்குமுல்ல. பிள்ளைக தயிர்சாதம் சாப்பிடுதுக" என்றார் ஆச்சி. நான் அப்போதுதான் அழுதேன்.

அன்றே சின்னக்கருப்பனைத் திரும்ப அனுப்பினோம்; ஆச்சி மிச்சப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிவிட்டார். மறுநாள் முழுக்க ஒவ்வொரு பாக்கெட்டையும் மறுபடி ஓட்டினோம். ஒன்றிலும் எதுவும் இல்லை. ஆனாலும் ஆச்சி அடுத்த சரக்கைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த வீடியோ முடிந்ததும் முதலில் எனக்கு அனுப்புங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தார்.

நான் எழுதியதை எடுத்துப் பார்த்தேன். ஒன்று பத்தில் "ஒன்றுகூடத் தாண்டாது" என்ற வரி இருந்தது. படத்திலேயே ஒன்று தாண்டிப் போகிறது. நான் வைத்த விதிப்படி அந்த வரி இருக்கக் கூடாது. அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். இடது பக்கம், மூன்றாவது பாக்கெட் அணைந்த இயந்திரத்தைத் தாண்டிப் போகிற அதே துண்டு. வலது பக்கம், அன்று என்ன செய்தோம், யாரிடம் சொன்னோம், எப்படித் தேடினோம், இனி சோதனைப் பாக்கெட் எல்லாம் சிவப்புக் கவரில்தான், லைன் ஓடும்போது இயந்திரத்தை அணைத்தால் பெல்ட்டும் தானே நிற்கும்படி இணைப்பை மாற்றியிருக்கிறோம் என்பது. அண்ணன் படித்துவிட்டு நெடுநேரம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தக் கம்பெனி இப்படிப் போடும், இதைப் பார்த்துவிட்டு யார் வாங்குவார்கள் என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை என்றேன். அவர் தாளை என்னிடமே நீட்டி, எடுங்கள் என்றார்.

கேமரா முன்னால் நின்றேன். "இது நான் செய்த தப்பு" என்ற இடத்தில் குரல் நடுங்கியது. மறுபடி எடுத்தோம். மறுபடியும் நடுங்கியது. நாலாவது தடவையும் அப்படியே. தண்ணி குடிச்சிட்டு வாங்கக்கா, குரல் சரியா வரட்டும் என்றான் இனாமுல். மூலையில் நின்ற அண்ணன், போதும், கடைசியாக எடுத்ததையே வைத்துக்கொள் என்றார்.

அதை ஆச்சிக்கு அனுப்பினோம். இரண்டு நாள் சத்தமில்லை. மூன்றாம் நாள் காலையில் என் போனுக்கே கூப்பிட்டார்.

"பாத்தேன். குரல் நடுங்குதே. இன்னும் பயப்படுறீகளா?"

பொய் சொல்லத் தெம்பு இல்லை. "ஆமாங்க ஆச்சி. தினமும் மெசின் முன்னால நிக்கும்போது பயமா இருக்கு" என்றேன்.

"அப்ப வெள்ளிக்கிழமைக்கு அறுபது பெட்டி அனுப்புங்க" என்றார்.