இன்ஜினியருக்கு மட்டும் கேலி இல்லை

சுற்றுலாவின் கடைசி இரவில் நன்றி சொல்லிப் பேசுவதும் கல்யாணப் பத்திரிகை அடிப்பதும் ஒன்றுதான் என்பார் அச்சகக்காரர். ஒரு பேர் விட்டுப்போனால் ஆயுசுக்கும் தொலைந்தோம். நண்பர்கள் மூன்று பேர் மனைவிமாரோடு வருஷா வருஷம் சுற்றுலா போகும் அந்தக் குழுவில் பேசுவது அவர்தான். ரூம் போடுவது, வேன் பேசுவது, யாருக்கு எந்த மாத்திரை எந்தப் பையில் இருக்கிறது என்று ஞாபகம் வைத்துக்கொள்வது எல்லாம் அவர் தலையில்தான். இந்தத் தடவை ஊர் திரும்பும் முன்பே ஆள் துவண்டுவிட்டார். கண்ணுக்குள் மணலைக் கொட்டின மாதிரி இருந்தது. சட்டை மாற்றிக்கொள்ளக் கட்டிலில் உட்கார்ந்தவர், பொத்தானைப் பிடித்தபடியே கண்ணயர்ந்து, திடுக்கிட்டு விழித்தார்.

ஆனால் இன்று பேச்சு சரியாக அமைய வேண்டும். அமையாவிட்டால் இன்ஜினியர் கைவிட்டுப் போய்விடுவான்.

இன்ஜினியர் கல்லூரி விடுதியில் அவரோடு ஒரே அறையில் இருந்தவன். வருஷத் தொடக்கத்தில் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்திருந்தார்கள். டாக்டர் தாராளமாகப் போய்வரச் சொல்லிவிட்டார். நண்பர்கள்தான் சொல்லவில்லை. வாரம் முழுக்க அவனை ஒரு பை தூக்க விடவில்லை, ஒரு படி ஏற விடவில்லை. சீட்டாட்டத்தில்கூட எல்லாரும் வேண்டுமென்றே தோற்றார்கள். நேற்று நீச்சல் குளத்தோரம் அவன் சொன்னான், "அடுத்த வருஷம் என்னை எண்ணாதேடா. நான் வரல." ஏன் என்று கேட்டதற்கு, "சும்மாதான்" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

இரவு பேச்சில் அவனை ஒரு வாங்கு வாங்கிச் சிரிக்க வைத்துவிட்டால் மனசு மாறிவிடும் என்றுதான் அச்சகக்காரர் கணக்குப் போட்டிருந்தார். சாப்பாட்டுக் கூடத்து வாசலில் அதற்கும் மண் விழுந்தது. இன்ஜினியர் மனைவி அவரை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"அண்ணா, எல்லாரையும் ஓட்டுங்க. இவரை மட்டும் விட்டுடுங்கண்ணா. ரொம்ப நொந்துபோயிருக்கார். ஒரு சொல் தாங்க மாட்டார்."

"சரிம்மா" என்றார். அண்ணா என்று கூப்பிடும் தங்கச்சி கண் கலங்கிக் கேட்கும்போது வேறென்ன சொல்வது? அதோடு வாதாடவும் அவருக்குத் தெம்பில்லை.

இந்தப் பேச்சுக்கு ஒரு நேரம் இருக்கிறது. தட்டுகளை எடுத்தபின், ஐஸ்கிரீம் வருவதற்கு முன். முந்தினால் பசி கேட்க விடாது, பிந்தினால் ஐஸ்கிரீம் கேட்க விடாது. அச்சகக்காரர் கரண்டியால் கண்ணாடி டம்ளரைத் தட்டிவிட்டு எழுந்தார். முதல் நன்றி வேலை செய்தவர்களுக்கு, அதுவும் அவர்கள் காதில் விழும்போதே. சமையல்காரரையும் வேன் டிரைவரையும் உள்ளே அழைத்துக் கைதட்ட வைத்தார். அடுத்த அடி தனக்கு. தன்னை அடித்துக்கொள்ளாதவன் பிறரை அடித்தால் அது கேலி இல்லை, சண்டை.

"கடல் தெரியுற ரூம்னு நான்தான் போட்டேன். தெரியுது. பாத்ரூம்ல ஸ்டூல் போட்டு ஏறி, எட்டிப் பார்த்தா நல்லாவே தெரியுது."

மேசை குலுங்கியது. முதல் சிரிப்பு விழுந்துவிட்டால் பாதிப் பேச்சு முடிந்த மாதிரி.

"நம்ம ஆடிட்டர் படகுல ஏறும்போது மிதவைச் சட்டை போட்டார். இறங்கின பிறகும் கழட்டல. டீக்கடையில கேட்டா, 'எதுக்கும் இருக்கட்டும்'ங்கறார். டீயில யாருய்யா முழுகறது?"

ஆடிட்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி டீச்சர். டிக்கெட் கவுண்டரில் கும்பலாக நின்ற முன்பின் தெரியாதவர்களை அதட்டி வரிசையில் நிறுத்தியவள். பேச்சு அவள் பக்கம் திரும்பியது. "அந்த வரிசையில ஒருத்தர் டிக்கெட் வாங்கவே வரலைங்க. பஸ்ஸுக்கு நின்னவர். பயத்துல ஒரு டிக்கெட் வாங்கிட்டுப் போனார்." சிரிப்பு ஓய்வதற்குள், ஆடிட்டருக்குக் காய்ச்சல் கண்டபோது ராத்திரி முழுக்க ஈரத்துணி போட்டவளும் இவள்தான் என்று சேர்த்துக்கொண்டார். குத்திய இடத்திலேயே தடவிவிட வேண்டும். தன் மனைவிக்கும் இன்ஜினியர் மனைவிக்கும் ஆளுக்கொரு சின்னக் குத்து, ஒரு பெரிய தடவல்.

கடைசி இடம் எப்போதும் இன்ஜினியருக்குத்தான். எந்த அடியையும் தாங்கி, இரண்டாகத் திருப்பிக் கொடுப்பவனுக்கு ஒதுக்கிய இடம் அது. பழக்க தோஷத்தில் அவன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு தயாரானான். முகத்தில் இந்த வாரத்திலேயே முதல்முறையாகப் பழைய குறும்பு தெரிந்தது. அச்சகக்காரர் அதைப் பார்த்தார். தங்கச்சியையும் பார்த்தார். அவள் விரல்கள் மேசைத் துணியைக் கசக்கிக்கொண்டிருந்தன.

"நம்ம இன்ஜினியர் இவ்வளவு பெரிய கண்டத்தைத் தாண்டி நம்மகூட வந்ததே பெரிசு. அவர் தைரியம் நமக்கெல்லாம் ஒரு பாடம். அவர் நல்லா இருக்கணும்."

எல்லாரும் கைதட்டினார்கள். டீச்சர் மூக்கை உறிஞ்சினாள். இன்ஜினியர் மட்டும் கட்டின கையை அவிழ்க்காமல் இருந்தான்.

"அவ்வளவுதானா?"

"என்னடா?"

"எனக்கு எங்கடா?" என்று எழுந்தான். "படம் மாட்டி மாலை போட்டுட்டுப் பேசியிருக்கலாமே? ஒரு வாரமா பொணத்தைச் சுத்திக்கிட்டுத் திரியற மாதிரி திரியறீங்க. இன்னிக்காவது நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கற மாதிரி கேப்பேன்னு உட்கார்ந்திருந்தேன். 'அவர்' ஆயிட்டேனா நான்? போதும்டா சாமி. அடுத்த வருஷம் எனக்கு ரூம் போடாதே."

அவன் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். ஐஸ்கிரீம் தட்டோடு வந்த ஆள் கதவருகிலேயே நின்றுவிட்டான். இப்படிப்பட்ட நேரத்தில் பேசத் தெரிந்தவன் மெல்லச் சிரித்துச் சமாளிப்பான். அச்சகக்காரருக்கு வந்தது கோபம்தான். களைத்துப்போனவன் கோபம், மூடி போட முடியாத கோபம்.

"போடலடா! தொல்லை விட்டுதுன்னு இருப்பேன். நான் தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமாடா உன்னால? பக்கத்து ரூம்ல நீ. உன் கட்டில் இந்தச் சுவரை ஒட்டி இருக்கு. நீ மூச்சு விடறியா இல்லையான்னு ராத்திரி ராத்திரி சுவர்ல காதை வச்சுக்கிட்டு நிக்கறேன்டா, பல்லி மாதிரி! நீ குறட்டை விட்டா நிம்மதியாப் படுக்கறேன். படுத்தா உடனே குறட்டையை நிறுத்திடறே. மறுபடி எழுந்திருக்கறேன். ஏன்டா, ஒழுங்கா ஒரு குறட்டை விடக்கூட உனக்குத் துப்பில்லையா?"

அவர் மனைவி வாயில் கை வைத்தாள். பாத்ரூம் போகிறார் என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். சொல்லக் கூடாததைச் சபையில் சொல்லிவிட்டோமே என்று அச்சகக்காரருக்கு வெட்கமாக இருந்தது. உட்கார நாற்காலியைத் தேடினார்.

இன்ஜினியர் வாய் பிளந்து அவரையே பார்த்தான்.

"அது நீயாடா?"

"எது?"

"சுவத்துல ஏதோ உரசற சத்தம். பெருச்சாளின்னு நெனச்சேன்டா! அந்தச் சத்தத்துல முழிச்சு, அது உள்ள வருதான்னு காதைத் தீட்டிக்கிட்டுக் கிடந்தா குறட்டை எங்கேருந்துடா வரும்? நானும் தூங்கலடா பாவி!"

முதலில் வெடித்தது இன்ஜினியர் மனைவிதான். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாதபடி மேசையில் கவிழ்ந்து குலுங்கினாள். ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இனிமே ரிப்போர்ட்டுக்கு டாக்டர்கிட்டப் போக வேண்டாம், பெருச்சாளிகிட்டயே கேட்டுக்கலாம்" என்றாள் டீச்சர். கதவருகில் நின்ற ஆள் ஒன்றும் புரியாமலே சிரித்துக்கொண்டு கிண்ணங்களைப் பரிமாறத் தொடங்கினான்.

இன்ஜினியர் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தான். அச்சகக்காரரின் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். அவருடைய கிண்ணத்திலிருந்தே ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டான். வழக்கமாக "ஐயோ, அது ஆகாதுங்க" என்று பாயும் தங்கச்சி இந்த முறை தன் கிண்ணத்தையும் அவன் பக்கம் தள்ளினாள்.

"டேய்" என்றான் குரலைத் தாழ்த்தி.

"சொல்லித் தொலை."

"அடுத்த வருஷம் நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே ரூமாப் போடு. சுவர் வேண்டாம்."