குப்பைக்கூடையிலிருந்து திரும்பிய படம்

ஷட்டரை முழுதாகத் தூக்குவதற்குள் அந்தப் பெண் கடைக்குள் வந்துவிட்டாள்.

"அண்ணா, அழிச்ச போட்டோ திரும்பக் கிடைக்குமா? போன வாரம் எடுத்தது. வீட்டுக்காரர் அழிச்சிட்டாரு. மதியம் வக்கீல்கிட்ட காட்டணும்."

என்ன படம் என்று கேட்கவில்லை. அவள் கழுத்தைச் சுற்றி மூடியிருந்த துணியே சொன்னது. அவள் வீட்டைவிட்டு வந்து மூன்று நாள். மகள் கணவனிடம் இருந்தாள். அடித்ததற்கு அந்தப் படம் ஒன்றுதான் சாட்சி. அது இல்லாமல் பிள்ளையைக் கேட்க முடியாதாம்.

பத்து வருடமாகப் போன் ரிப்பேர் செய்கிறேன். தெரிந்ததை அள்ளிவிடும் வியாதி எனக்கு உண்டு.

"அழிச்ச படம் மூணு இடத்துல இருக்கலாம்மா. ஒண்ணு கேலரி. அங்கயே ஒரு குப்பைக்கூடை இருக்கு, அதுல ஒரு மாசம் போலக் கிடக்கும்."

திறந்தேன். படுபாவி, அதையும் காலி செய்திருந்தான்.

"ரெண்டாவது, கேஷ். படத்தைச் சீக்கிரமா காட்டுறதுக்கு ஆப் தனக்குன்னு ஒரு குட்டி நகல் வச்சுக்கும்."

தேடினேன். நகத்தளவுக்கு ஒரு முகம் கிடைத்தது. பெரிதாக்கினால் காயமா நிழலா என்று தெரியவில்லை.

"மூணாவது கிளவுட். போன் தானாவே இணையத்துல ஏத்தி வச்ச நகல். அங்கயும் தனியா ஒரு குப்பைக்கூடை உண்டு."

அதை மட்டும் அவன் மறந்திருந்தான். வீங்கிய கண், கழுத்தில் விரல் தடங்கள், எல்லாம் தெளிவாக இருந்தன. 'மீட்டெடு' என்பதைத் தொட்டேன். படம் ஆல்பத்துக்குத் திரும்பியது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கலாம் என்று நான் கேபிள் தேடும்போது அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரில்தான் எடுத்தாள்.

"பாப்பாவுக்கு என் போன்ல உன் படம் காட்டிட்டிருந்தேன்," என்றான் அவன், நிதானமாக. "அழிச்சது திரும்ப முளைச்சிருக்கே."

பின்னால் ஒரு சின்னக் குரல் கேட்டது. "அம்மா, கண்ணுல என்னம்மா?"

"எங்கெங்க வச்சிருக்கியோ எல்லாத்தையும் அழி. இல்லன்னா சாயங்காலம் நானும் பாப்பாவும் இந்த ஊர்ல இருக்க மாட்டோம்."

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

"இந்த கிளவுட் அக்கவுண்ட் அவர் போன்லயும் இருக்காம்மா?"

"அவர்தான் போட்டுக் குடுத்தாரு."

இந்தக் கேள்வியை முதலில் கேட்டிருக்க வேண்டும். மீட்டெடுக்காமல், கூடையில் கிடந்தபடியே திறந்து, என் போனால் திரையைப் படம் எடுத்திருந்தால் அவனுக்குத் தெரிந்தே இருக்காது. கேட்க வாய் வரவில்லை; பாடம் நடத்த மட்டும் வந்தது.

"இப்பவாச்சும் என் போன்ல ஒரு காப்பி எடுத்துக்கிறேன்மா. யாருக்கும் தெரியாது."

"வேணாம்ணா. கொஞ்சம் முன்னாடியும் இப்படித்தான் நினைச்சோம்." அவள் போனை என் பக்கம் தள்ளினாள். "மூணு இடம்னு சொன்னீங்களே. அழிச்சுக் குடுங்க. எனக்கு அதெல்லாம் தெரியாது."

கேலரி, கேஷ், கிளவுட். கூடைகளையும் விடவில்லை. என் கையாலேயே அழித்துக் கொடுத்தேன்.