அஞ்சலை பேசிய பக்கம்

மரக்காணம் நூலகத்தில் வாசகர் கூட்டம். வெள்ளைக்காரர் காலத்து உப்பள நாவல் ஒன்றைப் பற்றி எம்.ஃபில். மாணவி சூர்யகலா கட்டுரை வாசித்தாள். வெள்ளை அதிகாரி ஆதிக்கத்தின் உருவம், குமாஸ்தா அவனைப் போலச் செய்பவன், உப்பு வாரும் அஞ்சலை குரலற்றவள் என்று பின்காலனியக் கோட்பாட்டின்படி வரிசையாகச் சொல்லி முடித்தாள்.

"அஞ்சலை அதிகாரிகிட்ட மட்டும்தானடி பேசல?" என்றாள் உடன் படிக்கும் கலைமதி. "வரி கட்டாம ஒளிச்சு வெச்ச உப்பைக் காட்டிக் குடுக்கக்கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டா. வீட்டுக்குப் போற வழியெல்லாம் அவனைக் கிண்டல் பண்றாளே!"

சூர்யகலாவுக்கு முகம் எரிந்தது. அந்தப் பக்கத்தை அவளும் படித்திருந்தாள். கோட்பாட்டுக்கு ஒத்துவராததால் விட்டிருந்தாள்.

"அவ வாயை அடைச்சது நான்தான்," என்றாள்.

கட்டுரையை மூடிவிட்டு நாவலின் அந்தப் பக்கத்தை உரக்க வாசித்தாள். அஞ்சலையின் கிண்டலுக்குக் கூட்டம் சிரித்தது. சூர்யகலாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.