கைமடிப்பின் நேர் விளிம்பு

என்னிடம் இரண்டு வரி எழுதித் தரும்படி கேட்டார்கள். மறுத்தேன். அந்த இரண்டு வரிக்குப் பதிலாகத்தான் இந்தக் கதை. இதில் வரும் ஹில்லி நான்தான். ‘நான்’ என்று எழுதத் தொடங்கினால் இரண்டாம் பத்தியைத் தாண்ட முடியவில்லை. அதனால் அவளை அனுப்புகிறேன்.

1

வீபே ஒரு மாபெரும் — (வேண்டாம். இரங்கல் கூட்டத்தில் ஆறு பேர் இதையே சொல்லிவிட்டார்கள்.)

ஹில்லியின் கணவன் வீபே ரொட்டியில் வெண்ணெய் தடவி, அதன்மேல் சாக்லேட் தூவலைக் கொட்டினான்.

“அறுபத்தெட்டு வயசுல சின்னப் புள்ள மாதிரி தின்னுற,” என்றாள் ஹில்லி.

“சின்னப் புள்ளயாத்தான் இருந்திருக்கேன். முப்பது வருஷமா படத்துல அந்தக் கிழவியோட கழுத்தையே பாத்தேன். கையைப் பாக்கல. முட்டாள்.”

“இப்பவாவது ஒத்துக்கிட்டியே.”

“மூணு பக்கத்துக்கு எழுதியே ஒத்துக்கிட்டிருக்கேன். சாயங்காலம் நீ பிழை பாத்துக் குடு, நாளைக்கு மியூசியத்துக்கு அனுப்பிடுறேன்.”

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். கால்வாய்ப் பாலத்து ஏற்றத்தில் அவன் இதயம் நின்றது.

2

(இந்தப் பகுதியை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட்டால் அவன் எதற்காகத் தன்னை முட்டாள் என்றான் என்பது உங்களுக்குத் தெரியாமல் போகும்.)

எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் ஒரு விதவையின் உருவப்படம் இருக்கிறது. ஓவியர் பெயரோ ஆண்டோ அதில் எழுதப்படவில்லை. அவள் கழுத்தில் திரிகைக்கல் அகலத்துக்குக் கஞ்சி போட்ட மடிப்புப் பட்டை. அந்தப் பாணி 1620களில் உச்சத்தில் இருந்தது. அதை வைத்து, அங்கே ஓவிய ஆய்வாளனாக இருந்த வீபே முப்பது வருஷத்துக்கு முன்னால் ‘சுமார் 1625’ என்று எழுதினான். ஊருக்குப் பெருமை தேடித் தந்த ஓவியர் 1631இல் இறந்தவர். 1625இல் அவர் உயிரோடு இருந்ததால் படம் அவருடையது என்றானது.

ஆனால் வயதானவர்கள் தங்கள் நல்ல காலத்து உடையை விடுவதில்லை.* பழைய உடை எந்த ஆண்டையும் நிரூபிக்காது. படத்தில் இருப்பவற்றில் எது கடைசியாக வழக்கத்துக்கு வந்ததோ, அதற்கு முன்னால் படம் வரையப்பட்டிருக்க முடியாது. விதவையின் கைமடிப்பில் மெல்லிய லேஸ் பின்னல் இருக்கிறது. 1630களில் அதன் ஓரம் பிறை பிறையாக வளைந்திருக்கும். இவளுடையது கோடு போட்டதுபோல நேராக முடிகிறது. ஆண்டு எழுதப்பட்ட நாற்பத்தொரு உருவப்படங்களோடு வீபே ஒப்பிட்டான். நேர் விளிம்பு ஒன்றுகூட 1645க்கு முன்னால் இல்லை. கைமடிப்பைப் பின்னால் யாராவது மாற்றி வரைந்தார்களா என்று எக்ஸ்ரேயிலும் பார்த்தான். அடியில் வேறு கைமடிப்பு இல்லை. அப்படியானால் படம் 1645க்குப் பிந்தையது; வரைந்தது 1631இல் இறந்த அந்தப் பெரிய ஓவியர் இல்லை.

* ஹில்லி இப்போது வீபேயின் பழைய கம்பளிச் சட்டையைத்தான் போட்டிருக்கிறாள். அவளைப் படம் எடுத்து, சட்டையை மட்டும் வைத்து ஆண்டு சொல்லிப் பாருங்கள்.

3

அருங்காட்சியக இயக்குநர் ரைனியர் பூக்களோடு வந்தார். (முதல் வரைவில் அவரைத் தொப்பைக்காரராகவும் நயவஞ்சகராகவும் எழுதினேன். இரண்டும் பொய். ஒல்லியான மனிதர், வீபேயின் சவப்பெட்டியைத் தூக்கியவர்.)

“மியூசியப் படங்களோட புதுப் பட்டியல் புத்தகம் அச்சுக்குப் போகுது, ஹில்லி. அந்த மூணு பக்கம்... அவர் அனுப்பவே இல்லையே. உள்ளுக்குள்ள அவருக்கே சந்தேகம் இருந்திருக்கும்.”

“சந்தேகம் ஒண்ணும் இல்ல. நான் பிழை பாக்கணும்னு மேசையில வச்சிருந்தார். நான்தானே உங்களுக்குப் பிரதி அனுப்பினேன்.”

“நீங்க ரெண்டு வரி எழுதிக் குடுத்தா போதும். ‘இது முடியாத வரைவு, கணக்குல எடுக்க வேண்டாம்’னு. அவர் பேரைக் காப்பாத்தத்தான் கேக்குறேன். அவர் புகழே அந்த 1625லதான் நிக்குது.”

“அவர் பேரையா, உங்க ஓவியரையா?”

ரைனியர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். “ரெண்டும்தான்,” என்றார். பொய் சொல்லவில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

“அவர் தப்பு பண்ணினார் ரைனியர். தப்புன்னு கண்டுபிடிச்சதும் அவரேதான். அதை அவர்கிட்டயிருந்து பிடுங்க உங்களுக்கு என்ன உரிமை? நாப்பது வருஷம் குடும்பம் நடத்தின எனக்கே இல்ல.”

“ஊரே உங்க மேல கோபப்படும்.”

“படட்டும். இன்னொரு பிஸ்கட் எடுத்துக்குங்க. எழுதித் தரமாட்டேன்.”

4

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் பட்டியல் 1625, 1645 என்ற இரண்டு ஆண்டுகளையும் தாங்கி வருகிறது. ரைனியர் மன்னிப்புக் — (அவர் கேட்கமாட்டார்.)

இரண்டாவதில் பட்டியல் பழையபடியே வருகிறது. ஹில்லி மூன்று பக்கங்களையும் பிரதி எடுத்து, அருங்காட்சியக வாசலில் நின்று, வருகிறவர்களிடம் கொடுக்கிறாள். இது முழுக்கக் கற்பனை இல்லை. அறுபது பிரதிகள் எடுத்தாகிவிட்டது.

மூன்றாவது முடிவை நான் எழுதப்போவதில்லை. நீங்களே உள்ளே போங்கள். முகத்தையும் கழுத்தையும் பார்த்து முடித்த பிறகு, குனிந்து அவள் மணிக்கட்டைப் பாருங்கள். பார்த்துவிட்டு ஆண்டை நீங்கள் சொல்லுங்கள். யாருடைய மனைவியையும் கேட்க வேண்டாம்.

பட்டியல் இன்னும் அச்சகத்தில் இருக்கிறது. சுவரில், படத்துக்கு வலப்பக்கத்துச் சின்னப் பலகையில், இன்றைக்கும் ‘சுமார் 1625’ என்றுதான் இருக்கிறது.