நாற்பத்தேழாம் நம்பர்

மலாயாவில், கெடாவின் பீடோங்குக்குக் கிழக்கே மூன்று மைலில் இருந்த கெனாரி ரப்பர்த் தோட்டத்தில் பதினேழு வருஷம் கணக்கு எழுதும் பெரிய கிராணியாக இருந்தவன் நான். கனகரத்தினம் என்று பெயர். கெட்டிக்காரன் என்றும் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை நம்பித்தான் என் தங்கச்சி செல்வநாயகி கெட்டாள்.

ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தைந்தில் ரப்பர் ஒரு இறாத்தல் ஒரு வெள்ளிக்கு மேலே ஏறிக் கிடந்தது. தோட்டக் கம்பெனி ஒரு லட்சம் வெள்ளி கடன் எடுத்தது. ஆயிரம் வெள்ளிப் பத்திரங்கள் நூறு. வட்டி நூற்றுக்கு எட்டு. பெரும்பாலும் வாங்கினவர்கள் எங்கள் ஆட்கள்தாம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணிமார், ரெயில்வேக்காரர், ஆஸ்பத்திரியில் காயம் கட்டும் டிரசர்மார். தங்கச்சியின் புருஷன் சுங்கைப்பட்டாணியில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து செத்தபோது வந்த சேமநிதிப் பணத்தில் நான்தான் அவளுக்கு ஒரு பத்திரம் வாங்கிக் கொடுத்தேன். அதன் நம்பர் நாற்பத்தேழு. அவளுடைய ஒரே மகள் இரஞ்சிதத்தின் சீதனம் அது.

கடன் கொடுத்தவர்களுக்குக் கம்பெனி எழுதிக் கொடுத்த உறுதிகளில் இரண்டு முக்கியமானவை. இந்தப் பத்திரங்கள் தீரும்வரை தோட்டத்தை இவற்றுக்கு முன்னால் வேறு யாருக்கும் ஈடு வைக்கக் கூடாது. இது ஒன்று. அடுத்த வருஷம் முதல் ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் பத்தாயிரம் வெள்ளியை, பத்திரக்காரர் சார்பில் பினாங்கில் இருந்த டிரஸ்டியிடம் கட்ட வேண்டும் என்பது மற்றது. டிரஸ்டி நவம்பரிலேயே சீட்டுக் குலுக்கி வைத்து, அந்தப் பணம் வந்ததும் விழுந்த பத்து நம்பர்க்காரருக்கு முழு முதலையும் கொடுத்துப் பத்திரத்தைக் கிழித்துவிடுவார். பத்து வருஷத்தில் கடனே இராது. இந்தக் கட்டுப்பணத்தைச் சிங்கிங் பண்டு என்போம். எல்லா உறுதிகளும் அப்படியே இருக்கின்றன என்று வருஷாவருஷம் டிரஸ்டிக்குப் போகிற சான்றை டைப் அடித்தவன் நான். வரிக்கு வரி மனப்பாடம். மனப்பாடம் செய்தவனுக்கு விளங்கியிருக்க வேண்டுமென்று கட்டாயமில்லையே.

எங்கள் ஆட்களின் பைத்தியத்தை என்னவென்று சொல்ல! நம்பர் விழுந்த வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கிற மாதிரிப் போவோம். எட்டு வட்டி போச்சே, பாங்கியில் மூன்றுகூடத் தரமாட்டானே என்று உச்சுக்கொட்டுவோம். போட்ட முதல் பாதுகாப்பாகக் கை வந்து சேர்வதை நஷ்டம் என்று எண்ணிய கூட்டம் எங்களைத் தவிர உலகத்தில் இருந்திருக்காது. சீதனத்தில் பத்திரத்தை எழுதுவதுதான் கௌரவம். காசு கொடுப்பது கடைக்காரன் வேலை.

ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தொன்பது நவம்பரில் குலுக்கியதில் நாற்பத்தேழு விழுந்தது. அலோர்ஸ்டாரில் ஆஸ்பத்திரி தலைமைக் கிராணி சின்னத்துரையிடம், இந்தப் பத்திரத்தை உங்கள் மகன் பெயருக்கு மாற்றித் தருகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அடுத்த ஆவணியில் இரஞ்சிதத்துக்கும் அந்த மகனுக்கும் கலியாணம். எனக்கு முகம் செத்துப்போயிற்று.

தங்கச்சிக்கோ சந்தோஷம். "வாற காசை எடுத்திடுவம் அண்ணை. காசெண்டால் காசு. அதிலை என்ன குறைச்சல்?" என்றாள். உனக்கு ஒன்றும் தெரியாது, பேசாமல் இரு என்று அடக்கிவிட்டேன்.

அந்த வாரமே மானேஜர் துரை கூப்பிட்டார். ரப்பர் விலை முப்பது சென்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. புதிதாக இருநூறு ஏக்கர் நட்டால்தான் கம்பெனி நிமிரும். அதற்குப் பினாங்கு பாங்கி ஒன்று அறுபதாயிரம் தரும், ஆனால் தோட்டத்தின் மேல் முதல் ஈடு கேட்கிறது. சிங்கிங் பண்டையும் இரண்டு வருஷம் நிறுத்தச் சொல்கிறது. பத்திரக்காரர் சம்மதித்தால் இரண்டு உறுதியையும் தளர்த்தலாம். மூன்று வருஷம் கட்டியது போக மிச்சமிருந்த எழுபது பத்திரத்தில் நாலில் மூன்று பங்கு வேண்டும், அதாவது ஐம்பத்துமூன்று. கையெழுத்துச் சேர்த்துத் தருவாயா என்று கேட்டார்.

எனக்குத் தெய்வமே வந்து கேட்டது போல் இருந்தது. இந்த வருஷக் கட்டுப்பணம் நின்றால் குலுக்கினதும் செல்லாது, நாற்பத்தேழும் பிழைக்கும், என் வாக்கும் பிழைக்கும். தோட்டம் பிழைக்குமா என்று நான் யோசிக்கவில்லை. அலோர்ஸ்டார் முதல் தைப்பிங் வரை வீடுவீடாக ஏறினேன். வட்டி தொடர்ந்து வரும் என்று சொன்னதும் கோப்பியும் தந்து கையெழுத்தும் போட்டார்கள்.

பீடோங் பசாரில் அரிசிக் கடை வைத்திருந்த மீரா சாகிபு மட்டும் மறுத்தார். அவரிடம் ஆறு பத்திரம். "கிராணியாரே, கடன்காரன் தானா கைய நீட்டிக் குடுக்கிறப்ப வேணாம்னு சொல்ற ஆள நான் பாத்ததில்ல. முன்னால நிக்கிற எடத்தையும் பாங்கிக்கு வுட்டுக் குடுத்துட்டு, பின்னால போயி எதுக்கு நிக்கணும்?" என்றார். கடைக்காரப் புத்தி என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு வந்தேன். நெஞ்சு கூசுகிறது இப்போது.

டிசம்பரில் பினாங்கில் பத்திரக்காரர் கூட்டம்; அதற்கு முதல் நாள் எண்ணிப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு. ஒன்று குறைந்தது. தங்கச்சி வீடு இருந்த சுங்கைப்பட்டாணிக்குப் போனேன். தங்கச்சி பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். ஒன்று குறைகிறது என்று அவளிடம் நான் சொல்லவில்லை.

பினாங்குக் கூட்டத்தில் ஐம்பத்துமூன்றும் சரியாக நின்றது. மீரா சாகிபுவின் மறுப்பு எடுபடவில்லை. நாலில் மூன்று சொன்னால் மற்றவர்களையும் கட்டுப்படுத்தும் என்று உறுதிப் பத்திரத்திலேயே இருந்தது. டிரஸ்டிக்கு அனுப்ப நான் எழுதி வைத்திருந்த பத்தாயிரம் வெள்ளிச் செக்கை நானே ரத்துச் செய்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது கெடாவில் எல்லோருக்கும் தெரியும். முப்பதில் ரப்பர் இருபது சென்ட். அடுத்த வருஷம் பத்து. முப்பதிலேயே ஜூன் வட்டி இரண்டு மாதம் பிந்தியது. பத்திரம் முதலில் உறுதிப்படட்டும் என்று சின்னத்துரை கலியாணத்தைத் தள்ளினார். டிசம்பரில் வட்டியே வரவில்லை. தையில் அவர் மகனுக்குத் தைப்பிங்கில் வேறு பெண் முடிந்தது. லயங்களில் இருந்த கூலிச் சனத்தை இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். புதிதாக நட்ட இருநூறு ஏக்கரில் லாலாங் புல் இடுப்பளவு வளர்ந்தது. தோட்டத்தைப் பொறுப்பெடுக்க டிரஸ்டி ரிசீவரைப் போட்டார்; அவர் வந்ததும் எனக்கு வேலை போயிற்று.

ஒரு நாள் அலோர்ஸ்டாரில் சின்னத்துரையை வழியில் கண்டேன். "காசாய்த் தந்திருந்தாலும் எடுத்திருப்பன் கனகரத்தினம். நீர்தானே பத்திரம் பத்திரம் எண்டு நிண்டனீர்" என்றார் சாதாரணமாக.

முப்பத்திரண்டில் தோட்டம் ஏலம் போனது. முதல் ஈட்டுக்காரப் பாங்கி தன்னுடையதை எல்லாம் எடுத்தது. செலவும் போக எழுபது பத்திரத்துக்கும் மிஞ்சினது நாலாயிரத்து இருநூறு வெள்ளி. பத்திரத்துக்கு அறுபது.

அந்தச் செக்கைக் கொடுக்கத் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். இரஞ்சிதம் உள்ளே தையல் மெஷினில் ஊராருக்குக் கூலிக்குத் தைத்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வயது, நிமிர்ந்து பார்க்கவில்லை. இனியும் மறைத்தால் மனிதன் இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். உன் கையெழுத்து ஒன்றுதான் குறைந்தது, அது இல்லாவிட்டால் தீர்மானம் விழுந்திருக்கும், அந்த மாதமே ஆயிரம் வெள்ளி உன் கைக்கு வந்திருக்கும் என்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"தெரியும் அண்ணை," என்றாள் தங்கச்சி. "நீங்கள் வாறதுக்கு முதல் நாளே மீரா சாகிபு, எல்லாரிட்டையும் விசாரிச்சு எண்ணிப் பாத்திட்டு, இஞ்சை வந்து சொன்னவர். ஒண்டுதான் குறையுது, ஒப்பம் வையாதையுங்கோ பிள்ளை எண்டு."

பிறகு ஏன் வைத்தாய் என்று கேட்டேன்.

"நீங்கள் கேட்டியள்" என்றாள். செக்கை வாங்கி, படித்துப் பாராமல் மடித்து, உள்ளே போய்த் தையல் மெஷின் இழுப்பறையில் நூல் கட்டைகளோடு வைத்தாள். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.