நாலு வார்த்தைக்கு ஒரு கோடு

அக்காவின் நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்துச் சில மாதங்கள் ஆகின்றன. நடக்கிறாள், சாப்பிடுகிறாள், என்னை வாய்க்கு வந்தபடி திட்டுகிறாள். ஒரே மூச்சில் நாலைந்து வார்த்தைக்கு மேல் பேசத்தான் முடியவில்லை. அவளோ ஒரு மருந்துக் கம்பெனியின் நிர்வாக இயக்குநர். இன்று பங்குதாரர் கூட்டத்தில் உரை வாசிக்க வேண்டும். அதைக் கேட்டுவிட்டுத்தான் அவளை வைத்துக்கொள்வதா, மாலை போட்டு வீட்டுக்கு அனுப்புவதா என்று சேர்மன் முடிவு செய்வார்.

என் பிழைப்பு ப்ராம்ப்டர் ஓட்டுவது. பேசுகிறவருக்கு இரண்டு பக்கமும் கண்ணாடித் தகடு நிற்கும். அதில் எழுத்து மெல்ல மேலே ஏறும். கூட்டத்துக்கு அது வெறும் கண்ணாடி. நான் மேடை ஓரத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்து, பேசுகிறவர் வாய்க்குத் தக்கபடி எழுத்தை ஓட்டும் குமிழைத் திருப்புவேன்.

அக்காவின் உரையை ஒரு வாரமாக உடைத்தேன். எழுதிய மகானுபாவர் வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு, அரைப் பக்கம் சுற்றிவந்துதான் வினைச்சொல்லைக் கண்ணில் காட்டுவார். அதை வரிக்கு மூன்று நான்கு வார்த்தையாக நறுக்கினேன். எண் ஒரு வரியிலும் ‘கோடி’ அடுத்த வரியிலும் போய்விடக் கூடாது. ஒரு சாய்கோடு என்றால் சின்ன நிறுத்தம், இரண்டு என்றால் முழு மூச்சு. அக்காவைப் படிக்கவைத்து, அவள் மூச்சு தீரும் இடம் பார்த்துக் கோடுகளை நகர்த்தினேன். நேற்று தடங்கலே இல்லாமல் படித்து முடித்தாள்.

அரங்கம் நிரம்பிக்கொண்டிருந்தபோது கம்பெனிச் செயலாளர் சிரித்த முகமாக என்னிடம் வந்தார்.

“மேடம், ஆடிட்டர் அங்கங்க நம்பர மாத்திட்டார். புது உரையை உங்க மெஷின்ல ஏத்தியாச்சு. மத்தபடி எல்லாம் அதேதான்.”

திரையைப் பார்த்தேன். பாறை பாறையாகப் பத்திகள். ஒரு கோடு இல்லை.

“நான் போட்ட கோடெல்லாம் எங்கே சார்?”

“எந்தக் கோடு? ஏதோ டைப்பிங் தப்புன்னு எங்க பையன் எடுத்துட்டான்போல.”

அவரைக் கடித்துக் குதறியிருப்பேன், நேரம் இல்லை. பழைய உரையில் எண்கள் தப்பு. அதைப் படித்தால் வேறு வம்பு வரும்.

அக்கா என்னைக் கடந்து மேடையேறப் போனாள். “என்னடி வாலு, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?”

“ஒண்ணுமில்லக்கா. கண்ணாடிய மட்டும் பாரு.”

சொல்லியிருக்கலாம். சொன்னால் இருக்கிற மூச்சும் போய்விடுமோ என்று பயம்.

முதல் இரண்டு பக்கங்களை உடைப்பதற்குள் அவள் பேசத் தொடங்கிவிட்டாள். இடது கை குமிழில், வலது கை விசைப்பலகையில். அவள் படிக்கும் வரிக்கு மேலே கை வைத்தால் கண்ணாடியில் எழுத்து குதிக்கும். அதனால் கீழே, அவள் இன்னும் வந்து சேராத இடத்தில் உடைத்துக்கொண்டே போனேன். காதில் அவள் குரல், கண்ணில் அடுத்த பத்தி. கோடு, வரி, கோடு. அவள் நிறுத்தினால் நானும் குமிழை நிறுத்த வேண்டும். கை வேர்த்து விசைகள் வழுக்கின. சேர்மன் முதல் வரிசையில் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார்.

நான் தள்ளித் தள்ளி ஓடினேன், அவள் குரல் துரத்திக்கொண்டே வந்தது. மூலப்பொருள் விலை பற்றிய பத்தியில் பிடித்துவிட்டது. அது ஒரே வாக்கியம், எட்டு வரி. நான் முதல் கோடு போடுவதற்குள் அவள் உள்ளே இறங்கிவிட்டாள்.

“மூலப்பொருள்களின் விலை தொடர்ந்து உயர்ந்த நிலையிலும் ஏற்றுமதி குறைந்த சூழலிலும் நம் ஊழியர்களின்...”

அவ்வளவுதான். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. குமிழை நிறுத்தினேன். எழுத்து நின்றது. அவள் நின்றாள். யாரோ பாதியில் கைதட்டினார்கள், பேச்சு முடிந்தது என்று நினைத்து. இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். சேர்மன் பரிதாபப்பட்டுச் சிரித்தபடி எழுந்து மைக்கை நோக்கி வந்தார். ஐயோ, போச்சு, என் கையாலேயே போச்சு என்று உள்ளுக்குள் கத்தினேன்.

அக்கா கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்தாள். பேசுகிறவர் உரையை விட்டு விலகினால் எழுத்தை அசைக்கவே கூடாது. விட்ட இடத்திலேயே காத்திருக்க வேண்டும். நான் குமிழிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

அவள் ஒரு விரலைத் தூக்கி சேர்மனை நிறுத்தினாள். மூச்சை நிதானமாக இழுத்துக்கொண்டாள்.

“எனக்கு நுரையீரல் கொஞ்சம் குறைச்சல்.”

நிறுத்தம். கைதட்டல் அடங்கியது.

“நாலு வார்த்தைக்கு ஒருதடவை நிப்பேன்.”

மறுபடி நிறுத்தம்.

“முடிஞ்சுபோச்சுன்னு நினைச்சு... யாரும் எந்திரிக்காதீங்க.”

எழுந்து நின்றவர் சேர்மன் ஒருவர்தான். பின்னால் எங்கோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். பிறகு வரிசை வரிசையாகச் சிரிப்பு பரவியது. சேர்மன் திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

அக்கா என் பக்கம் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஊழியர்களின் உழைப்பால்” என்ற இடத்தில் இரண்டு கோடு போட்டேன்.